சோடாவை இரட்டிப்பாக்கினால் பலூனும் இரட்டிப்பாகுமா? ஒரு நிமிட ரீலுக்கு வசனம், கேப்ஷன், பாதுகாப்புக் குறிப்பு

கேள்வி: “என் 9 வயது மகளுடன் வினிகரும் பேக்கிங் சோடாவும் வைத்து ஒரு நிமிட அறிவியல் ரீல் எடுக்க ஆசை. எரிமலையை எல்லாரும் போட்டுவிட்டார்கள். வேறு என்ன செய்யலாம்? வசனமும் கேப்ஷனும் எப்படி எழுதுவது? பாதுகாப்புக் குறிப்பில் என்னென்ன வர வேண்டும்?”

பள்ளியில் 19 வருடம் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எரிமலையை நீங்கள் ஒதுக்கியதில் எனக்கு மகிழ்ச்சி. உண்மையான எரிமலையில் அமிலமும் சோடாவும் சேர்ந்து பொங்குவதில்லை. அங்கே வெளிவருவது உருகிய பாறை. குழந்தை மனதில் அந்தத் தவறான படம் ஒரு தடவை பதிந்துவிட்டால் பிறகு அழிப்பது கஷ்டம். நுரை பொங்கி வழிந்ததும் வீடியோவும் முடிந்துவிடுகிறது, ‘ஏன்’ என்று கேட்க இடமே இருப்பதில்லை.

அதே இரண்டு பொருளை வைத்து மூன்று பாட்டில், மூன்று பலூன் எடுங்கள். மூன்று பாட்டிலிலும் ஒரே அளவு வினிகர். முதல் பலூனுக்குள் அரை டீஸ்பூன் சோடா, இரண்டாவதில் ஒரு டீஸ்பூன், மூன்றாவதில் இரண்டு டீஸ்பூன். எந்தப் பலூன் பெரிதாகும் என்று உங்கள் மகளைக் கேளுங்கள். மூன்றாவது என்றுதான் சொல்வாள். வகுப்பில் நான் கேட்டபோதெல்லாம் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் அதைத்தான் சொன்னார்கள். செய்து பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ‘ஏன் அப்படி?’ என்று அவளாகவே கேட்கும் அந்த இடம்தான் உங்கள் ரீல்.

காரணம் எளிது. வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். சோடாவோடு அது சேரும்போது சோடியம் அசிடேட் என்ற உப்பும், தண்ணீரும், கார்பன் டை ஆக்சைடு வாயுவும் உண்டாகின்றன. பெரியவர்களுக்காகச் சமன்பாடு: NaHCO3 + CH3COOH → CH3COONa + H2O + CO2. இதில் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இருக்கிறது. ஒரு பங்கு சோடா தீர ஒரு பங்கு அமிலம் வேண்டும். அமிலம் தீர்ந்த பிறகு நீங்கள் எத்தனை ஸ்பூன் சோடா கொட்டினாலும் அது வெறுமனே தண்ணீரில் கிடக்கும், வாயு வராது.

இனி அளவு. இதில்தான் பெரும்பாலான வீடியோக்கள் கோட்டை விடுகின்றன. ‘கொஞ்சம் வினிகர், கொஞ்சம் சோடா’ என்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பொதுவாக 4 சதவீத அளவில் அசிட்டிக் அமிலம் இருக்கும், பாட்டில் லேபிளிலேயே போட்டிருப்பார்கள். அப்படியானால் 75 மில்லி வினிகரில் சுமார் 3 கிராம் அமிலம். அதைத் தீர்க்க 4.2 கிராம் சோடா போதும். தலை தட்டிய ஒரு டீஸ்பூனில் கிட்டத்தட்ட 5 கிராம் சோடா பிடிக்கும். ஆக, ஒரு ஸ்பூனிலேயே அமிலம் முழுக்கச் செலவாகிவிடுகிறது. அரை ஸ்பூன் போட்ட பாட்டிலில் சோடா முதலில் தீரும், அமிலம் மிஞ்சும். இரண்டு ஸ்பூன் போட்டதில் அமிலம் முதலில் தீரும், பாதிக்கு மேல் சோடா மிஞ்சும். வெளிநாட்டில் இருந்து படிப்பவர்கள் லேபிளைப் பாருங்கள். அங்கே பல இடங்களில் 5 சதவீதம் என்றிருக்கும், அப்போது 75-க்குப் பதில் 60 மில்லி எடுத்தால் கணக்கு அதேதான். 75 மில்லி அளக்க இருமல் மருந்தோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் கப்பை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 15 மில்லி கோடு இருந்தால் ஐந்து முறை ஊற்றினால் சரி.

சோடா விஷயத்தில் ஒரு குழப்பம் வரும், அதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது ஆப்ப சோடா, சமையல் சோடா என்று மளிகைக் கடையில் தருகிறார்களே, அது. பேக்கிங் பவுடர் வேறு. அதில் சோடாவோடு உலர்ந்த அமிலப் பொருளும் மாவும் கலந்திருக்கும், அதனால் அளவு தப்பிவிடும். கையில் இருப்பது எது என்று சந்தேகமா? ஒரு சிட்டிகையை வெறும் தண்ணீரில் போடுங்கள். ஆப்ப சோடா சத்தமில்லாமல் கரையும், பேக்கிங் பவுடர் தண்ணீரிலேயே நுரைக்கும். சலவை சோடா இன்னொன்று. அதுவும் வினிகரில் பொங்கும் என்பதால் பொங்குவதை வைத்துப் பிரித்துவிட முடியாது. ஆனால் அது தோலையும் கண்ணையும் பலமாக எரிக்கக்கூடியது. ஆகவே, பெயர் எழுதாத டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொடி எதையும் எடுக்க வேண்டாம். உணவுப் பொருள் என்று அச்சிட்ட புதிய பாக்கெட்டைப் பிரித்து எடுங்கள்.

கேமராவை வைப்பதற்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். மூன்று அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரே பாக்கெட்டில் இருந்து எடுத்த மூன்று பலூன். புதுப் பலூன் விறைப்பாக இருக்கும். நீங்கள் ஒரு முறை பம்பால் ஊதிக் காற்றை விட்டுவிட்டால் மூன்றும் ஒரே மாதிரி இளகி நிற்கும். வாயால் ஊதினால் உள்ளே ஈரம் சேர்ந்து சோடா ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் பம்பு. காகிதத்தைச் சுருட்டிப் புனல் செய்து பலூனுக்குள் சோடாவைப் போடுங்கள். பலூனைக் கீழே தொங்கவிட்டபடியே அதன் வாயைப் பாட்டில் கழுத்தில் நன்றாக இழுத்து மாட்டுங்கள். இப்போது சோடா பலூனுக்குள், வினிகர் பாட்டிலுக்குள், இரண்டும் தொடாமல் இருக்கும். பலூனைத் தூக்கி நிமிர்த்தினால் சோடா உள்ளே கொட்டும், புஸ் என்று சத்தம் கேட்கும், பலூன் எழுந்து நிற்கும். கழுத்துப் பக்கம் காற்று சீறும் சத்தம் கேட்டால் மாட்டியது சரியில்லை என்று அர்த்தம். பாட்டில் சின்னதாக இருந்தால் நுரை பலூனுக்குள் ஏறிவிடும், அதனால்தான் அரை லிட்டர் என்கிறேன். மூன்று பாட்டிலையும் ஒரே அளவுக்கு, மெதுவாக, அரை நிமிடம் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் அடியில் கட்டியாகக் கிடக்கும் சோடா கணக்கைக் கெடுத்துவிடும்.

அளவை எப்படிக் காட்டுவது? பலூனின் வயிற்றைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். என் கணக்குப்படி முதல் பலூனின் சுற்றளவு 33 செ.மீ. பக்கம், மற்ற இரண்டும் 40 செ.மீ. பக்கம் வர வேண்டும். இது உத்தேசம்தான். உங்கள் டீஸ்பூன், வினிகரின் காரம், பலூனின் ரப்பர் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போகலாம். மூன்றாவது, இரண்டாவதை விட ஒரு துளி பெரிதாக வந்தாலும் பயப்பட வேண்டாம். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: சோடாவை இரட்டிப்பாக்கியும் வாயு இரட்டிப்பாகவில்லை. இன்னொரு விஷயமும் உண்டு. முதல் பலூனில் இருக்கும் வாயு இரண்டாவதில் இருப்பதில் பாதியை விடச் சற்றே அதிகம், ஆனால் சுற்றளவைப் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. உருண்டையில் சுற்றளவு கொஞ்சம் கூடினாலே கொள்ளளவு நிறையக் கூடிவிடும். மகள் அதைக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள், ரீலில் போட வேண்டாம், ஒரு நிமிடத்துக்கு ஒரு விஷயம் போதும். நூல் அளவை முதல் சில நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு பலூன் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றை விட வேகமாகக் கசியும், நேரம் ஆக ஆகப் பலூன் சுருங்கும்.

சரி, வசனத்துக்கு வருவோம். ஒரு நிமிடத்துக்குத் தமிழில் 90 சொல்லுக்கு மேல் எழுதினால் குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு ஒப்பிக்கும். கீழே இருப்பதை அவள் வாய்க்கு வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் 4 நொடி: மூன்று பாட்டிலும் தொங்கும் பலூன்களும், பின்னால் வெறும் சுவர். மகளின் குரல் மட்டும்: “சோடாவை டபுள் பண்ணா பலூனும் டபுள் ஆகுமா?” திரையில் எழுத்து: ‘பெரியவர் கூட இருக்கும்போது மட்டும் செய்யவும்.’

அடுத்த 10 நொடி: கைகள் நெருக்கத்தில். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டுவது தெரியட்டும். “மூணு பாட்டில்லயும் அஞ்சு சின்னக் கப் வினிகர். இந்தப் பலூன்ல அரை ஸ்பூன் சோடா, இதுல ஒரு ஸ்பூன், இதுல ரெண்டு ஸ்பூன்.” ஸ்பூனின் தலையைக் கத்தியின் பின்பக்கத்தால் அம்மா தட்டிவிடுவதையும் காட்டுங்கள். அளவு என்றால் என்ன என்று பார்க்கிற குழந்தைக்கு அது சொல்லாமலே புரியும்.

அடுத்த 5 நொடி: “எது பெருசாகும்? நான் மூணாவதுன்னு சொல்றேன். நீங்க?” இங்கே ஒரு நொடி நிறுத்துங்கள். பார்ப்பவர்களும் மனதுக்குள் பந்தயம் கட்டட்டும்.

அடுத்த 13 நொடி: பலூன்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துவது. பேச்சு வேண்டாம், பாட்டும் வேண்டாம். அந்தச் சீறும் சத்தத்தை அப்படியே விடுங்கள். கேமரா பாட்டிலின் கீழ்ப்பகுதியில் இருந்து மெல்ல மேலே போகட்டும்.

அடுத்த 10 நொடி: நூலால் அளப்பது. மூன்று நூலையும் ஸ்கேல் பக்கத்தில் நீட்டி வையுங்கள். “முதல் நூல் சின்னது. ஆனா இந்த ரெண்டும் ஒரே நீளம்! ஏன்மா?”

அடுத்த 10 நொடி, அம்மாவின் குரல்: “இட்லித் தட்டுல பதினாறு குழி இருக்கு. மாவு எட்டு இட்லிக்குத்தான் இருக்கு. எத்தனை இட்லி வரும்?” “எட்டு!” “அதே மாதிரிதான். சோடா நிறைய இருக்கு, வினிகர் தீர்ந்துபோச்சு.”

கடைசி 8 நொடி: மூன்றாவது பாட்டிலின் பலூனை நீங்கள் மெதுவாகக் கழற்றுங்கள். மகள் அதில் இன்னும் ஒரு சின்னக் கப் வினிகர் ஊற்றட்டும். மறுபடி நுரைக்கும். “பாத்தீங்களா, சோடா உள்ளேயே காத்துட்டு இருந்துச்சு!”

இந்தக் கடைசிக் காட்சியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டிவிடாதீர்கள். ‘வினிகர் தீர்ந்தது’ என்று நீங்கள் சொன்னது அதுவரை வெறும் வார்த்தை. மறுபடி நுரைத்தால்தான் அதற்குச் சாட்சி. பாட்டில் அடியில் வெள்ளையாகச் சோடா தங்கியிருப்பதைக் காட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது, ஏனென்றால் மிஞ்சிய சோடா பெரும்பாலும் அந்தத் தண்ணீரிலேயே கரைந்துவிடும், பார்ப்பதற்கு மூன்று பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். வீட்டில் நேரம் இருந்தால் முதல் பாட்டிலிலும் இதைத் திருப்பிச் செய்யுங்கள். அதில் வினிகர் ஊற்றினால் ஒன்றும் நடக்காது, ஒரு சிட்டிகை சோடா போட்டால் நுரைக்கும். அங்கே தீர்ந்தது சோடா. அப்புறம், பொங்கி முடிந்ததும் பாட்டிலின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாகச் சில்லென்று இருக்கும். இந்த வினை வெப்பத்தை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொள்கிற வகை.

இனிப் பாதுகாப்பு. இதில் என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பள்ளிக் கண்காட்சியில், பலூன் கிழிந்துவிட்டது என்று ஒரு மாணவன் பாட்டில் மூடியையே இறுக்கித் திருகிவிட்டான். பாட்டில் உப்பி, கட்டையாட்டம் இறுகிப் போனது. பக்கத்தில் நின்றவன் திறக்கப் போனான். மூடி பறந்து அவன் புருவத்தில் பட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 75 மில்லி வினிகரில் இருந்து வரும் வாயு ஒரு லிட்டருக்கு மேல். அரை லிட்டர் பாட்டிலில் மிச்சமிருக்கும் இடம் 425 மில்லி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வாயு அதற்குள் நெருக்கியடிக்கிறது. கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால் உடைந்து சிதறக்கூடும். அதனால் மூடியை எடுத்து அடுக்களைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், மேசையில் இருந்தால் கை தானாகப் போகும். யாராவது மூடிவிட்டால் திறக்கப் போகாதீர்கள். குழந்தைகளை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, முகத்தை விலக்கி, தடிமனான துண்டைப் போட்டு மூடி, பெரியவர் மட்டும் மெல்லத் தளர்த்த வேண்டும்.

அடுத்தது பலூன். பலரும் வினிகருக்குப் பயப்படுகிறார்கள், பலூனை விளையாட்டுப் பொருளாக விட்டுவிடுகிறார்கள். ஊதாத பலூனும், வெடித்த பலூனின் துண்டும் சின்னக் குழந்தையின் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். உங்கள் வீட்டில் தம்பி, தங்கை யாராவது தவழ்ந்துகொண்டிருந்தால் கிழிந்த துண்டு ஒவ்வொன்றையும் எண்ணிப் பொறுக்கிப் போடுங்கள். இந்தப் பலூனில் இருக்கும் வாயுவை வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. குரல் மாறும் பலூன் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் இதையும் முயல்வார்கள். இது ஹீலியம் இல்லை, கார்பன் டை ஆக்சைடு. மூக்கு எரியும், தலை சுற்றும். ரப்பர் ஒவ்வாமை உள்ள குழந்தை பலூனைத் தொடவே வேண்டாம்.

வினிகர் கண்ணில் தெறித்தால் தேய்க்க விடாமல், ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கண்ணைத் திறந்து பிடித்து 15 நிமிடம் கழுவுங்கள். அதன் பிறகும் எரிச்சலோ சிவப்போ இருந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். வினிகரைச் சமன் செய்யலாம் என்று சோடாத் தண்ணீரைக் கண்ணில் விடவே கூடாது. வினிகர் கிடைக்கவில்லை என்று கெமிக்கல் கடையில் விற்கும் அசிட்டிக் ஆசிட்டை வாங்கித் தண்ணீர் கலப்பதும் வேண்டாம், அந்தக் காரம் தோலை வெந்துபோகச் செய்யும். பிளீச்சிங் பவுடர், பிளீச் கலந்த கழிவறைத் திரவம் எதுவும் அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது. வினிகர் அவற்றோடு சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். அதனால்தான் செய்து முடித்த தண்ணீரைக் கழிவறையில் ஊற்றாமல், அடுக்களைத் தொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றச் சொல்கிறேன்.

கேப்ஷன் எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ரீலில் கேப்ஷனின் முதல் வரி மட்டும்தான் விரிக்காமல் தெரியும். பாதுகாப்பைக் கடைசியில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் முதல் வரியிலேயே அதற்கு இடம் வேண்டும். நான் எழுதினால் இப்படி:

“சோடா டபுள், பலூன் டபுள்? பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் 75 மில்லி வெள்ளை வினிகர் (4%). பலூன்களில் அரை, ஒன்று, இரண்டு டீஸ்பூன் ஆப்ப சோடா. ஒரு ஸ்பூனுக்கும் இரண்டு ஸ்பூனுக்கும் பலூன் ஏன் ஒரே அளவில் நின்றது? வினிகரில் இருந்த அமிலம் தீர்ந்துவிட்டது! கவனம்: பாட்டிலை ஒருபோதும் மூடியால் மூடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பலூன் வாயுவை உறிஞ்சாதீர்கள். பலூன் துண்டுகளைச் சின்னக் குழந்தைகளுக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். வினிகர் கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீரில் கழுவுங்கள். பிளீச் எதனுடனும் கலக்காதீர்கள். உங்கள் பலூன் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்? கமென்ட்டில் எழுதுங்கள்.”

‘மூடியால் மூடாதீர்கள்’ என்பதைத் திரையிலும் ஒரு முறை எழுதுங்கள், பலூன்கள் எழும் அந்த 13 நொடிக்குள். எழுத்தைத் திரையின் நடுப்பகுதியில் வையுங்கள். அடியிலும் வலது ஓரத்திலும் செயலியின் பொத்தான்களும் கேப்ஷனும் வந்து மறைத்துவிடும். மகளின் முகம் வேண்டாம், கையும் குரலும் போதும். பள்ளிச் சீருடையோடு எடுக்காதீர்கள், பேட்ஜில் இருந்து பள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம்.

கமென்ட்டில் கட்டாயம் வரப்போகும் கேள்வி, ‘இந்தப் பலூன் பறக்குமா?’ என்பது. பறக்காது. கார்பன் டை ஆக்சைடு காற்றை விடச் சுமார் ஒன்றரை மடங்கு கனம். இரண்டாவது பலூனின் கழுத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு, பம்பால் அதே அளவுக்கு ஊதிய இன்னொரு பலூனோடு ஒரே உயரத்தில் இருந்து இரண்டையும் விட்டுப் பாருங்கள். முதலில் தரையைத் தொடுவது எது என்று மகளிடம் கேட்டுவிட்டு விடுங்கள், அடுத்த ரீல் அதுவாகவே இருக்கட்டும்.